அத்தியாயம் 7: பாதையின் மறுபக்கத்தில் நின்றவர்

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். நான் கட்டிய உதாரணம்தான்; ஆனால் இதில் வருகிற ஒவ்வொரு சிக்கலும் இந்த ஊர்க் கோப்புகளில் திரும்பத் திரும்ப வருவது.

கட்டுகஸ்தோட்டையில், மாத்தளைக்குப் போகும் ஏ-9 வீதியோரம் ஒரு வீடு. முன்னறையில் தையல் மெசின் போட்டு, பாடசாலைச் சீருடையும் சாரி பிளவுசும் தைக்கும் அம்மா. மார்ச் 6ஆம் திகதி, பகல் ஒன்றே முக்கால். பதினான்கு வயது மகள் பாடசாலை விட்டு வருகிறாள். அம்மா கேற்றடியில் நிற்கிறார். மஞ்சள் கடவையில் முதலாவது வாகனம் நிற்க, மகள் கால் வைக்கிறாள். நின்ற வாகனத்தை முந்திக்கொண்டு ஒரு தனியார் பஸ் வருகிறது. மகளுக்குத் தொடை எலும்பு முறிவு. கண்டி வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை. ஆறு மாதத்தில் நடக்கிறாள்.

மகளின் கால் பற்றிய கோரிக்கையை முன் அத்தியாயத்தில் பார்த்தோம். இந்த அத்தியாயம் அம்மாவைப் பற்றியது. அவர் உடலில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து தூக்கம் இல்லை. பிரேக் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது. பாலம் தாண்டி டவுனுக்குப் பஸ் ஏறமாட்டார். மகள் கேற்றைத் திறந்தாலே கத்துகிறார். மெசினில் உட்கார்ந்தால் கண்முன் அந்தக் கடவைதான். கேள்வி இதுதான்: அடிபட்டவர் மகள், அம்மா தனக்கென்று பஸ்காரரிடம் நட்டஈடு கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் மகளுக்கு நடந்ததைக் காட்டிக் கேட்க முடியாது. தனக்கு ஒரு நோய் வந்தது, அந்த நோய் இந்த விபத்தால் வந்தது, அப்படி வரும் என்று எதிர்பார்க்கக்கூடியதாக இருந்தது என்று காட்டித்தான் கேட்கவேண்டும்.

எந்தச் சட்டம்

கண்டியில் இருப்பதால் கண்டிச் சட்டம் வருமா என்று சிலர் கேட்பார்கள். வராது. அது கண்டியச் சிங்களவரின் திருமணம், முதுசம் போன்றவற்றுக்கானது. ஒருவரின் கவனயீனத்தால் இன்னொருவருக்கு ஏற்படும் தீங்குக்கு நாடு முழுவதற்கும் ரோமன் டச்சுச் சட்டம்தான். அதே சட்டத்தில் வளர்ந்தது தென்னாபிரிக்கா. ஆகவே அங்கத்தைய மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகளை நம் சட்டத்தரணிகள் எடுத்துக்காட்டுவது வழக்கம். அவை நம் நீதிமன்றத்தைக் கட்டாது. ஆனால் காது கொடுத்துக் கேட்கப்படும்.

இதில் மூலைக்கல் 1973ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளியான பெஸ்டர் வழக்கு. அண்ணனும் தம்பியும் வீதியில் இருக்க, கவனயீனமாக வந்த வாகனம் தம்பியை மோதிக் கொன்றது. அண்ணனில் வண்டி படவில்லை, பார்த்தான், அவ்வளவுதான். பிறகு அவன் மனம் நோயுற்றது. காப்புறுதி நிறுவனம் “உடலில் காயம் எங்கே?” என்றது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் பதில், மூளையும் நரம்பும் உடலைச் சேர்ந்தவைதான் என்பது. அதிர்ச்சியால் மனம் நோயுற்றால் அதுவும் உடற்காயம். தானும் அடிபடும் ஆபத்தில் நின்றிருக்கவேண்டும் என்ற பழைய நிபந்தனையும் அதோடு போயிற்று. இப்படி ஒருவருக்குத் தீங்கு வரலாம் என்று நிதானமான ஒரு சாரதி முன்கூட்டியே உணர்ந்திருக்க முடியுமா என்பதே கேள்வியாக எஞ்சியது.

அடுத்து வந்த பார்னார்ட் வழக்கில், பஸ் விபத்தில் மகன் இறந்ததைத் தாய் தொலைபேசியில்தான் கேட்டார். நேரில் பார்க்கவில்லை என்பதற்காகவே அவருடைய கோரிக்கையைத் தள்ளிவிட முடியாது என்றார்கள். 2002இல் வெளியான சோல்ஸ் வழக்கில், வழக்காளி மணமுடிக்கவிருந்தவர் லொறியில் அடிபட்டதைப் பார்த்த பெண். மனைவி, தாய், பிள்ளை என்று உறவுப் பட்டியல் போட்டு வெளியே நிறுத்தமாட்டோம். ஆனால் வைத்தியரால் இனங்காணத்தக்க உளநோய் இருக்கவேண்டும், சாதாரண மனவருத்தம் போதாது என்றது நீதிமன்றம். எனக்கு மிகவும் பயன்படும் வரி இந்தக் கடைசி வரிதான்.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 1989 ஏப்ரல் 15இல் ஹில்ஸ்பரோ விளையாட்டரங்க நெரிசலுக்குப் பிறகு வந்த அல்கொக் வழக்கில், 1991இல், மூன்று வேலி போட்டார்கள்: இறந்தவரோடு அன்பின் நெருக்கம், நேரத்திலும் இடத்திலும் அருகாமை, தன் கண்ணாலும் காதாலும் உணர்ந்திருத்தல். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்கு முன் 1982இல் மக்லொக்லின் வழக்கில், விபத்து நடந்து இரண்டு மணிநேரம் கழித்து வைத்தியசாலையில் குடும்பத்தைக் கண்ட தாய்க்குக் கொடுத்திருந்தார்கள். லண்டனிலோ டொரொன்டோவிலோ இருக்கும் உறவினர் இணையத்தில் படித்துவிட்டு “நீங்க பக்கத்தில நிக்கேல்லத்தானே, கிடைக்காது” என்று சொல்வது இந்த மூன்று வேலியை வைத்துத்தான். நமக்கு அவை சட்டமல்ல. ஆனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அவற்றைக் கொண்டுவருவார். அதனால் நம் அம்மா எங்கே நின்றார், எதைப் பார்த்தார் என்பது கோப்பில் பிசகில்லாமல் இருக்கவேண்டும்.

துக்கம் வேறு, நோய் வேறு

மகள் பிழைத்தாள் என்று உதாரணத்தை வைத்ததற்குக் காரணம் உண்டு. இறந்திருந்தால் இரண்டு விடயங்கள் முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

பிள்ளையை இழந்த பெற்றோரின் துக்கத்துக்கு, பணக்கணக்கில் காட்டமுடியாத இழப்புக்கு, நம் பொதுச்சட்டம் நெடுங்காலம் நட்டஈடு தரவில்லை. ஒரு சிறுமியின் மரணம் பற்றிய பிரியானி சொய்சா வழக்கில் 2001இல் உயர்நீதிமன்றம் இதை மறுபடி உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு “மன வேதனைக்குக் கிடையாது” என்று முடிவு கட்டியவர்கள் பலர். அது முழு உண்மை அல்ல. அங்கே பேசப்பட்டது துக்கம். தாய் தானே நோயுற்றால் அது அவருடைய உடற்காயம். உடற்காயத்தோடு வரும் வலிக்கும் வேதனைக்கும் ரோமன் டச்சுச் சட்டம் எப்போதும் இடம் வைத்தே இருக்கிறது. பிறகு 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஒருவரின் இறப்புக்காக நட்டஈடு அறவிடுவது பற்றியது அது. நெருங்கிய குடும்பத்தார் பணக்கணக்கில் அடங்காத இழப்புக்கும் கேட்க வழி திறந்தது. ஆகவே மரணம் நடந்த வீட்டில் இரண்டு கோரிக்கைகளையும் தனித்தனியாக எழுதவேண்டும்: இறப்பால் வந்த இழப்பு ஒன்று, பார்த்தவரின் நோய் மற்றொன்று. ஒரே பந்தியில் கலந்து எழுதினால் எதிர்த்தரப்பு இரண்டையும் “துக்கம்” என்று ஒரே கூடையில் போட்டுவிடும்.

கிளினிக் கொப்பியின் முதல் பக்கம்

இத்தகைய வழக்குகள் நீதிமன்றத்தில் தோற்பதைவிட வைத்தியசாலையில் தோற்பதே அதிகம் என்பது என் எண்ணம். எப்படி என்று சொல்கிறேன்.

நம் அம்மா மூன்று மாதம் பொறுத்திருக்கிறார். மகளின் கட்டு, மருந்து, பாடசாலை என்று ஓடியவருக்குத் தன்னைப் பார்க்க நேரம் ஏது? பிறகு ஒருநாள் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், “தலையிடி, நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்குது” என்கிறார். வைத்தியர் கொப்பியில் எழுதுவது ஒரு வரி: தலைவலி, தூக்கமின்மை, இன்ன மாத்திரை, இரண்டு கிழமைக்கு. விபத்து என்ற சொல்லே இல்லை. வைத்தியரில் பிழையில்லை, அவரிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியை வாசித்துக் காட்டி, “மகளின் விபத்தைப் பற்றி நீங்கள் வைத்தியரிடம் ஒன்றுமே சொல்லவில்லையே, அம்மா?” என்று கேட்பார்கள்.

செய்யவேண்டியது எளிது. விபத்து நடந்து ஓரிரு கிழமைக்குள் ஒருமுறை வைத்தியரிடம் போங்கள். என்ன திகதி, என்ன பார்த்தீர்கள், அன்றிலிருந்து என்ன செய்கிறது என்று மூன்றையும் சொல்லுங்கள். “மார்ச் 6 மகள் பஸ்ஸில அடிபட்டத நேரில பாத்தன், அண்டையில இருந்து நித்திரை இல்லை” என்றால் போதும். கொப்பியில் திகதியும் விபத்தும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உளநலக் கிளினிக்குக்கு அனுப்பும்படி கேளுங்கள். கண்டி, பேராதனை வைத்தியசாலைகள் இரண்டிலும் உளநலப் பிரிவு உண்டு.

ஒரு மாதம் கழித்து மறுபடி போவது கட்டாயம். நெருக்கீட்டின் பின்னரான மனவடு நோய் என்ற முடிவுக்கு வைத்திய நிபுணர் வர, அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்திருக்கவேண்டும் என்பது உலகம் முழுதும் பயன்படும் அமெரிக்க அளவுகோல். முதல் கிழமையில் யாருக்கும் நித்திரை வராது; அதைக் கொண்டு நோய் என்று சொல்லமுடியாது. முதல் வருகை நோய் எப்போது தொடங்கியது என்பதைக் காட்டும். இரண்டாவது அது போகவில்லை என்பதைக் காட்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கோப்பில் ஓட்டை.

நிபுணர் தேடுவது “பயமா இருக்கு” என்ற பொதுச் சொல்லை அல்ல. அந்தக் காட்சி விரும்பாமலே திரும்ப வருகிறதா, எதையெல்லாம் தவிர்க்கிறார், எதற்கெல்லாம் திடுக்கிடுகிறார், நாளாந்த வேலையில் எது நின்றுபோனது என்று பார்ப்பார். பாலம் தாண்டி பஸ் ஏறாதது, மெசினில் உட்காரமுடியாதது போன்றவற்றை இப்படி ஊர்ப் பெயரோடும் பொருளின் பெயரோடும் சொல்லுங்கள்.

முன்பு மனச்சோர்வுக்கு மருந்து எடுத்திருந்தால் மறைக்கவேண்டாம். கவனயீனமாக நடந்தவர் எதிரில் இருப்பவரை இருக்கிறபடியே ஏற்கவேண்டும் என்பது பழைய விதி. பலவீனமானவருக்குக் கூடுதலாக நோய் வந்தால் அதற்கும் பொறுப்பு. ஆனால் மறைத்துவிட்டுப் பழைய கொப்பி வெளியே வந்தால், நோயோடு நம்பகத்தன்மையும் போய்விடும்.

ஆலோசகரிடம், கோவிலில், சாமியிடம் போனதெல்லாம் ஆறுதலுக்கு நல்லது. நீதிமன்றத்தில் நோய் என்று சொல்லவேண்டியவர் உளநல வைத்திய நிபுணர். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு நிபுணரின் அபிப்பிராயத்துக்கு இடம் தருகிறது. பொலிஸில் முறைப்பாடு நடக்கும்போது மகளுக்குச் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் கொடுப்பார்கள். அம்மாவுக்கும் ஒன்று கேளுங்கள். காயம் இல்லையே என்று மறுத்தாலும், கேட்ட திகதியைக் குறித்து வையுங்கள்.

வாக்குமூலத்தில் ஒரு சொல்

அம்மா சொல்வது தமிழில். எழுதுவது பெரும்பாலும் சிங்களத்தில். “கேற்றடியில நிண்டனான்” என்றது “வீட்டில் இருந்தேன்” என்று எழுதப்பட்டால், மேலே சொன்ன மூன்று வேலியையும் எதிர்த்தரப்பு அந்த ஒரு சொல்லில் கட்டிவிடும். வீட்டில் இருந்தவர் சத்தம் கேட்டு ஓடிவந்தவர். கேற்றடியில் நின்றவர் மோதலைக் கண்டவர். கையெழுத்துப் போடுமுன் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவது இன்னும் நல்லது. பிழை இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லலாம். பின்னர் தெரியவந்தால் மேலதிக வாக்குமூலம் கொடுக்கலாம். எத்தனை மீற்றர் தூரம், இடையில் மரமோ வாகனமோ மறைத்ததா, முதலில் சத்தமா காட்சியா, மகளிடம் போய்ச் சேர எவ்வளவு நேரம் என்பவை வாக்குமூலத்தில் இருக்கவேண்டும். வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போனதும், வாக்குமூலங்களினதும் இட வரைபடத்தினதும் உறுதிப்படுத்திய பிரதிகளை எடுத்துவையுங்கள்.

கணக்கு

இந்த உதாரணத்தில் தொகை எப்படி வரும் என்று பார்ப்போம். விபத்துக்கு முன் தையலில் மாதம் சராசரி 60,000 ரூபா. பிறகு எட்டு மாதம் 15,000 தான். மாதம் 45,000 வீதம் எட்டு மாதத்துக்கு 360,000 ரூபா. கிளினிக்குக்கு 22 தடவை ஓட்டோ, ஒரு தடவைக்கு 300: 6,600. தனியாரில் நிபுணரை ஐந்து தடவை பார்த்தது, 3,000 வீதம்: 15,000. கூட்டினால் 381,600 ரூபா. இது பணக்கணக்கு. இதற்குமேல் வலி, வேதனை, வாழ்க்கையில் இழந்த நிம்மதிக்கு ஒரு தொகை. அதற்கு அட்டவணை கிடையாது, நீதிபதியின் மதிப்பீடு.

அந்த 60,000த்தை நிரூபிப்பது எப்படி? வீட்டில் தைப்பவருக்குச் சம்பளச் சிட்டை இல்லை. ஆனால் அளவு எழுதும் ஓடர் கொப்பி இருக்கும்: பெயர், மார்பளவு, கைநீளம், முற்பணம், கொடுக்கவேண்டிய திகதி. ஜனவரியில் பக்கம் பக்கமாக நிறைந்திருந்த கொப்பி மார்ச் 6க்குப் பிறகு வெறுமையாகக் கிடப்பது, எந்தச் சத்தியக் கடதாசியைவிடவும் உறுதியாகப் பேசும். அதை எறிந்துவிடாதீர்கள். புதிதாக ஒன்றை எழுதி உண்டாக்கவும் வேண்டாம். ஒரே பேனை, ஒரே கையெழுத்து, ஒரே நாளில் எழுதியது என்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

இரண்டு வருடம், ஏழு நாள்

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி இத்தகைய வழக்கை இரண்டு வருடத்துக்குள் தொடுக்கவேண்டும். மார்ச் 6 என்றால், இரண்டாம் வருட மார்ச் 6க்கு முன் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் பிராது இருக்கவேண்டும். நோய் பிறகுதான் தெரிந்தது என்று வாதிடலாம். அந்த வாதத்தை நம்பி நாளைக் கடத்துவது சூதாட்டம். இங்கே ஒரு பொறி: மகள் வயது குறைந்தவள் என்பதால் அவளுக்குச் சட்டம் சலுகை காட்டும். அம்மாவுக்கு அந்தச் சலுகை இல்லை. “பிள்ளை பதினெட்டுக்கு வரட்டும், சேர்த்துப் போடலாம்” என்று காத்திருந்தால் மகளின் வழக்கு உயிரோடு இருக்கும், அம்மாவின் வழக்கு இறந்திருக்கும்.

கோரும் தொகை வர்த்தமானியில் குறித்த எல்லைக்குள் வந்தால், முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் பெறவேண்டியிருக்கும். அதில் வாரங்கள் கரையும்; கடைசி மாதத்தில் தொடங்கவேண்டாம்.

பிரதிவாதிகள் சாரதியும் பஸ் உரிமையாளரும். பணம் வருவது பெரும்பாலும் காப்புறுதியிலிருந்து. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வழக்குத் தொடுக்குமுன் அல்லது தொடுத்து ஏழு நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் போயிருக்கவேண்டும். இல்லையென்றால் வென்ற தீர்ப்பைக் கொண்டு அவர்களிடம் அறவிடமுடியாது. இந்த அறிவித்தலில் மகளின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. அம்மாவும் வழக்காளி என்று தெரியவேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை ஒட்டிவையுங்கள். மோதியது அரசாங்கத் திணைக்கள வாகனம் என்றால், சட்டமா அதிபருக்கு எதிராக வழக்கிடுமுன் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 461ஆம் பிரிவுப்படி ஒரு மாத எழுத்து மூல அறிவித்தல் தேவை. அந்த ஒரு மாதத்தையும் இரண்டு வருடக் கணக்கில் முன்கூட்டியே கழித்துக்கொள்ளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கண்டி நிலையத்தில் விசாரிக்கலாம்.

கையெழுத்து

வழக்கு வருமுன்னரே சமரசம் பேச வருவார்கள். மகளின் ஆஸ்பத்திரிச் செலவோடு கொஞ்சம் சேர்த்து, ஒரு தொகை. அம்மா பாதுகாவலர் என்ற முறையில் கையெழுத்துப் போடவேண்டும். வருகிற கடதாசி பெரும்பாலும் ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில், ஒன்றரைப் பக்கம். கண் போகவேண்டிய இடம் தொகை அல்ல. அதற்குக் கீழே வரும் வாசகம். இந்த விபத்தால் எழும் எல்லாக் கோரிக்கைகளையும் “முழுமையாகவும் இறுதியாகவும்” தீர்த்துக்கொள்கிறேன் என்று இருக்கும். யாருடைய கோரிக்கைகள் என்ற இடத்தில் மகளின் பெயர் மட்டும் இருக்கிறதா, “நானும் என் குடும்பத்தாரும்” என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வாசகம் இருந்தால், மகளின் காலுக்காக வாங்கிய பணத்தில் அம்மாவின் கோரிக்கையும் அடங்கிப்போகும்.

“மகளின் உடற்காயம் தொடர்பாக மட்டும்” என்று அந்த வரியை மாற்றி எழுதச் சொல்லுங்கள். மாற்ற மறுத்தால் அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கடதாசியின் பிரதியொன்றைக் கேட்டு வாங்கிச் சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள். பிரதி தரமுடியாது என்பவர்கள் உண்டு. அப்படியானால் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ள விடுங்கள் என்று கேளுங்கள்.